வாட்ஸ்அப்பில் வாக்குவாதம் முற்றும்போது முறையாக நிறுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சண்டை எல்லை மீறப் போகிறது, இதோடு நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை.

தோன்றாமல் இருப்பதற்கு உடல்தான் காரணம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதியரின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், பேசிக்கொண்டிருப்பவர்களின் இதயத் துடிப்பையும் வியர்வையையும் கருவிகளால் அளந்து பார்த்தார். துடிப்பு நிமிடத்திற்கு 100-ஐத் தாண்டியவர்களால் எதிரில் இருப்பவர் சொல்வதைச் சரிவரக் காதில் வாங்க முடிவதில்லை என்றும், புதிதாக எதையும் யோசிக்காமல் பழைய வசைகளையே அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள் என்றும் அவர் கண்டார். ஆகவே, நிதானம் போய்விட்டதா என்று மனத்தைக் கேட்பதைவிட மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது மேல். 15 விநாடிகளில் 25 துடிப்புகளுக்கு மேல் எண்ணினால் நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

நாடி பிடித்துப் பார்க்கும் பொறுமை இல்லையென்றால் திரையைப் பாருங்கள். அவர் அனுப்பியதை முழுதாகப் படிக்கும் முன்பே பதில் தட்டத் தொடங்குகிறீர்களா? இருவர் செய்திகளும் குறுக்கிட்டு, அவருடைய முதல் கேள்விக்கான உங்கள் பதில் அவருடைய மூன்றாவது கேள்விக்குக் கீழே போய் விழுகிறதா? "எப்பவும்", "ஒருநாளாவது" போன்ற சொற்களும், இன்றைய விஷயத்தோடு தொடர்பில்லாத பழைய கல்யாணமோ கடனோ வந்து சேர்ந்துவிட்டனவா? இவற்றில் இரண்டு தென்பட்டாலே, இன்னும் பத்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

நேரில் பேசினால் இவ்வளவு தூரம் போவதில்லை. எழுத்தில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

நம் குரல் நம் காதில் ஒலிப்பதால் இப்படி ஆகிறது. நீங்கள் கிண்டலாக எழுதும் வரி உங்கள் மனத்துக்குள் கிண்டலாகவே ஒலிக்கிறது. அவருக்குப் போய்ச் சேர்வது வெறும் எழுத்து மட்டுமே. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்ளி முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கேலியாகவும் கேலியில்லாமலும் மின்னஞ்சல் எழுதியவர்கள், படிப்பவர்களில் நூற்றுக்கு 78 பேராவது தொனியைச் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினார்கள். உண்மையில் சரியாகப் புரிந்துகொண்டது நூற்றுக்கு 56 என்ற அளவில்தான் இருந்தது. காசைச் சுண்டிப் பூவா தலையா என்று சொல்லியிருந்தாலே ஏறத்தாழ அதே அளவு கிடைத்திருக்கும். கோபம் கலந்துவிட்டால் "சாப்பிட்டியா?" என்பதும் குத்தலாகவே படிக்கப்படும்.

நிறுத்துவதற்கு அனுப்பும் செய்தியில் என்னதான் எழுத வேண்டும்?

ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டால் தெளிவாக இருக்கும். மதுரையில் அம்மாவோடு இருக்கும் அக்கா, சார்ஜாவில் வேலை பார்க்கும் தம்பி. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை வருகிற வாரம். எந்த லென்ஸ் வைப்பது என்று முடிவு செய்து, மறுநாள் காலை 11 மணிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமே தவிர, அதன் வழியாகப் பேசுவதற்கு நெடுங்காலமாகத் தடை உள்ளதால், இவர்கள் பேச்சு பெரும்பாலும் எழுத்திலேயே நடக்கிறது. இரவு 10:20-க்கு லென்ஸில் தொடங்கிய பேச்சு, இருபது நிமிடத்தில் "பணம் அனுப்பிட்டா எல்லாம் முடிஞ்சுதா?" என்ற இடத்துக்கும், அங்கிருந்து "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்பவும் நீ இப்படித்தான்" என்ற இடத்துக்கும் வந்துவிட்டது. தம்பி அனுப்பிய செய்தி இது:

"அக்கா, எனக்கு இப்ப கோபம் ஏறிடுச்சு. இதுக்கு மேல எழுதுனா ஏதாவது தப்பா எழுதிருவேன், அதனால இன்னைக்கு இதோட நிறுத்திக்கிறேன். லென்ஸ் டாக்டர் சொன்னதையே வைக்கச் சொல்லிரு, பணம் காலைல ஒன்பது மணிக்குள்ள உன் அக்கவுன்ட்ல இருக்கும். ஆபரேசனுக்கு அப்புறம் அம்மாவை யார் பார்த்துக்கிறதுன்னு நீ கேட்டது பாக்கி இருக்கு. அதை நான் விடல. நாளைக்கு ராத்திரி உங்க டைம் எட்டரைக்கு நானே வர்றேன். அதுக்குள்ள அவசரம்னா சாதாரண கால்ல கூப்பிடு."

இந்தச் செய்தியை மெதுவாகப் படித்துப் பாருங்கள். நிறுத்துவதற்கான காரணத்தைத் தம்பி தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். "உனக்குக் கோபம், அப்புறம் பேசலாம்" என்று எழுதியிருந்தால், அக்காவுக்குக் கோபமில்லை என்று நிரூபிக்க அதன் பிறகு பத்து செய்திகள் வந்திருக்கும். அடுத்து, மறுநாள் 11 மணிக்குள் முடிவாக வேண்டிய ஒன்றை மட்டும் சண்டையிலிருந்து பிரித்து, தனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதை அங்கேயே முடித்துவிடுகிறார். பலரும் தவறவிடும் இடம் இதுதான்: ஆற வேண்டிய விஷயத்தையும் ஆறப்போட முடியாத விஷயத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி "நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் நாளைக் காலை மருத்துவமனை கவுன்ட்டரில் என்ன சொல்வது என்று இரவு முழுவதும் விழித்திருப்பார், ஆறவும் மாட்டார்.

பிறகு, பாக்கி இருப்பது எது என்பதை அக்கா கேட்ட சொற்களிலேயே அவர் குறிப்பிடுகிறார். தன் புகார் காற்றில் போய்விடவில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தால்தான் இந்த இடைநிறுத்தத்தை அவர் தாங்குவார். நேரமும் திட்டமாக இருக்கிறது. சார்ஜாவுக்கும் மதுரைக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், "எட்டரை" என்று மட்டும் எழுதியிருந்தால் அக்கா பத்து மணி வரை காத்திருந்து இன்னொரு சண்டைக்குத் தயாராகியிருப்பார். "உங்க டைம்" என்ற இரண்டு சொற்கள் அதைத் தடுத்துவிடுகின்றன. திரும்ப வரும் பொறுப்பை, நிறுத்தியவரே ஏற்கிறார். நிறுத்துவதும் நான், தொடங்க வேண்டியது நீ என்றால் அது நியாயமாகாது.

இச்செய்தியில் இல்லாத ஒன்றும் கவனிக்கத்தக்கது. அப்பாவின் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிய குற்றச்சாட்டுக்குத் தம்பி பதிலே சொல்லவில்லை. "நிறுத்திக்கிறேன், ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன்" என்று எழுதப்படும் எந்தச் செய்தியும் நிறுத்தும் செய்தி ஆகாது.

இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா? "சரி விடு" என்று முடித்துக்கொண்டால் போதாதா?

"சரி விடு", "ஓகே", "பார்க்கலாம்", தனியாக ஒரு கட்டைவிரல் ஆகியவை எழுதுபவருக்குச் சமாதானமாகவும் படிப்பவருக்கு முகத்தில் கதவைச் சாத்தியதாகவும் படும். இவற்றினும் மோசமானவை, நம் மொழியில் நல்ல வார்த்தையின் உருவில் வரும் சாபங்கள். "நல்லா இருங்க", "நீங்க சொன்னா சரிதான்", "நான்தான் தப்பு, போதுமா?", இவற்றோடு ஒரு கும்பிடு படம். இதை அனுப்பியவர் பின்னால், "நான் மரியாதையாகத்தானே முடித்தேன்" என்று வாதாட முடியும். அது மரியாதை இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

நீளம் என்பது அளவுகோல் அன்று. அவசரமாக முடிவாக வேண்டியது எதுவும் இல்லாத சாதாரணக் கணவன் மனைவி மனத்தாங்கலுக்கு, "எனக்குத் தலை சூடாயிடுச்சு, எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பேசறேன்ம்மா, இது முக்கியம்னு தெரியும்" என்ற ஒரு வரி போதும். அதிலும் காரணம், நேரம், விஷயம் முக்கியம் என்ற ஒப்புதல் ஆகியவை இருக்கின்றன. முன்கூட்டியே இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு சொல் இருக்கும் வீடுகளில் இன்னும் சுருக்கமாகவே முடிந்துவிடும். அப்படி ஒரு சொல்லைச் சண்டை இல்லாத ஒரு நாளில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நான் நிறுத்துகிறேன் என்று சொன்ன பிறகும் அவர் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

அனுப்பத்தான் செய்வார், அதை எதிர்பார்த்திருங்கள். நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றிய அதே விநாடியில் அவருக்கும் தோன்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் இன்னும் வாதத்தின் நடுவில் இருக்கிறார். மேற்சொன்ன நிகழ்வில் அக்காவின் அடுத்த செய்தி மூன்று நிமிடத்தில் வந்தது: "எப்பவும் இப்படித்தான், பேசிக்கிட்டு இருக்கும்போதே ஓடிருவ." தம்பி ஒரே ஒரு முறை பதில் எழுதினார்: "உனக்கு அப்படித்தான் தோணும்க்கா, எனக்குப் புரியுது. நாளைக்கு எட்டரைக்கு வர்றேன்." அதன் பிறகு அக்கா அனுப்பிய நான்கு செய்திகளுக்கு அவர் பதில் அனுப்பவில்லை.

ஒரு பதில் என்பது என் கணக்கு. ஒன்றுமே சொல்லாவிட்டால், தான் கடைசியாகச் சொன்னது போய்ச் சேரவில்லையோ என்று அவர் திரும்பத் திரும்ப எழுதுவார். இரண்டாவது பதில் எழுதினால் உரையாடல் மீண்டும் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். அந்த ஒற்றைப் பதிலிலும் புதிய தகவலோ விளக்கமோ இருக்கக் கூடாது. கேட்டது கேட்டதாக ஒப்புக்கொண்டு, நேரத்தை மறுபடியும் சொல்லிவிட்டு, அந்தச் சாட்டை மட்டும் மியூட்டில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரத்துக்கு மியூட் செய்யும் வசதி இருக்கிறது. ஓர் இரவுக்கு அது போதும். பிளாக் செய்யாதீர்கள். மியூட் செய்தது அவருக்குத் தெரியாது. பிளாக் செய்ததை அவர் ஒரு டிக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் இதில் உண்மையிலேயே கடினமான பகுதி. திரையின் அடியில் பதிலில்லாமல் தொங்கும் குற்றச்சாட்டைப் பார்க்கும்போது, அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற பதற்றம் வரும். ஆகாது. மறுநாள் எட்டரைக்குப் பேசும்போது அதற்கும் இடம் இருக்கிறது.

எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும்?

உடல் அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடங்கள் ஆகும் என்பது காட்மன் தரும் அளவு. அவருடைய ஆய்வகத்தில், சண்டையிட்டுக்கொண்டிருந்த தம்பதியரை நடுவில் நிறுத்தி, கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சொல்லி, அதுவரை அந்த விஷயத்தைப் பேசாமல் ஆளுக்கொரு பத்திரிகை படிக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து அதே விஷயத்தை மீண்டும் பேசியபோது இதயத் துடிப்பு இறங்கியிருந்தது. பேச்சும் பழையபடி இல்லை.

மேல் எல்லை ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இடைவெளி என்ற பெயர் மாறி, பேச்சுவார்த்தை இல்லை என்ற நிலை வந்துவிடுகிறது. நம் வீடுகளில் அப்படித் தொடங்கியது ஆறு மாதத்துக்கும் அடுத்த வீட்டு விசேஷத்துக்கும் நீண்டுவிடுவது புதிதல்ல. அலுவலக நேரத்தில் தொடங்கிய சண்டையை மாலைக்கும், இரவில் தொடங்கியதை மறுநாள் மாலைக்கும் தள்ளுங்கள். மறுநாள் காலை என்று சொல்வது பெரும்பாலும் சரிப்படாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் இருவருமே வேறொரு பதற்றத்தில் இருப்பார்கள்.

அந்த இடைவெளியில் நான் திரும்பத் திரும்பச் சாட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கோபம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கூடத்தான் செய்யும். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட சோதனை இதை நேரடியாகத் தொடுகிறது. மாணவர்கள் எழுதிய கட்டுரையைக் கடுமையாக இழித்துரைத்து, முதலில் அவர்களுக்குக் கோபமூட்டினார்கள். பிறகு சிலரை, தங்களைத் திட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். சிலரை, உடற்பயிற்சியை மட்டும் நினைத்துக்கொண்டு குத்தச் சொன்னார்கள். மற்றவர்களைச் சில நிமிடங்கள் சும்மா உட்கார வைத்தார்கள். திட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் மிகுதியாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் பழிவாங்க முற்படுவதில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். கொட்டித் தீர்த்தால் கோபம் போய்விடும் என்று நாம் நம்புவதற்கு இது நேர் எதிர்.

பழைய காலச் சண்டையில் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும். இதில் அது நேரக் குறிப்போடு கையிலேயே இருக்கிறது. ஆகவே அந்தச் சாட்டை ஆர்க்கைவ் செய்து, கண்ணில் படாமல் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோழிக்கோ தங்கைக்கோ அனுப்பி "நீயே சொல்லு, யார் மேல தப்பு?" என்று கேட்பதும் அதே குத்துப்பைதான், கூடவே இன்னொரு கையும் சேர்ந்து குத்துகிறது. அவர்கள் உங்கள் பக்கம் பேசுவார்கள், நீங்கள் சமாதானமான பிறகும் அவர்கள் சமாதானமாக மாட்டார்கள். ஸ்டேட்டஸில் "சிலருக்கு எவ்வளவு செய்தாலும்..." என்று பொதுவாகப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. யாருக்காகப் போட்டீர்களோ அவர்தான் அதை முதலில் பார்ப்பார்.

பாத்திரம் துலக்குவது, மாடியில் நடப்பது, வேறு எதையாவது படிப்பது என எதுவாயினும் சரி. வசனத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்க்காமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியது மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி மடித்து வைத்துவிடுங்கள். சாட்டில் உள்ள எழுதும் கட்டத்தில் எழுதாதீர்கள், கை தவறி அனுப்பப்பட்டுவிடும்.

நீல டிக்கையும் லாஸ்ட் சீனையும் அணைத்துவிடலாமா? நான் ஆன்லைனில் இருப்பதைப் பார்த்து அவர் மேலும் கோபப்படுகிறார்.

சண்டையின் நடுவில் எந்த அமைப்பையும் மாற்றாமல் இருப்பது நல்லது. நேற்று வரை தெரிந்த லாஸ்ட் சீன் இன்று தெரியாமல் போவதும் முகப்புப் படம் மறைவதும் எதிர்ப்பக்கத்தில் ஒரு பதிலாகவே படிக்கப்படும். தவிர, நீல டிக்கை அணைத்தால் அவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். குழுக்களிலோ அது அணையவே அணையாது. ஆன்லைனில் தெரிவது உறுத்தலாக இருந்தால், "ஆபீஸ் குரூப்ல வேலை இருக்கு, அதுக்காக உள்ள வருவேன்" என்று நிறுத்தும் செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

நிறுத்துவதற்கு முன்பே கோபத்தில் ஒன்று அனுப்பிவிட்டேன். அதை அழித்துவிடட்டுமா?

அவர் இன்னும் பார்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அழியுங்கள். பார்த்துவிட்டார் என்றால் விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை இரண்டு நாட்களுக்கும் சற்றுக் கூடுதலான நேரம் வரை அனைவருக்கும் அழிக்கலாம், 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். ஆனால் இரண்டுமே தடம் விட்டுச் செல்லும். படித்த செய்தியை அழித்தால், "எழுதினதுக்குச் சாட்சி இல்லாம பண்ணிட்டான்" என்ற இன்னொரு குற்றமும் சேரும். அதற்குப் பதிலாக, "மேல எழுதுன கடைசி வரி கோபத்துல வந்தது, அதைத் திரும்ப எடுத்துக்கிறேன்" என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். அந்த வரியில் "ஆனால்" வரக் கூடாது.

எதிரில் இருப்பது அப்பா. மாமனார், மேலதிகாரி என்றாலும் இதே சிக்கல்தான். "நிறுத்திக்கொள்கிறேன்" என்று சொன்னால் திமிர் என்பார்களே?

உண்மைதான். வயதிலோ உறவிலோ மூத்தவரிடம் பேச்சை முடிக்கும் உரிமை இளையவருக்கு இல்லை என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். ஆகவே அவரிடம் முடிப்பதாக எழுதாமல், அவர் சொன்னதை யோசிக்க அவகாசம் கேட்பதாக எழுதுங்கள். "அப்பா, நீங்க நிலத்தைப் பத்திச் சொன்னதை நான் நிதானமா யோசிக்கணும்ப்பா. இப்ப அவசரத்துல பதில் சொன்னா சரியா வராது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்களைக் கூப்பிடறேன்." இது பொய்யும் இல்லை, பணிந்துபோவதும் இல்லை, எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்ன ஞாயிற்றுக்கிழமையன்று கூப்பிட வேண்டியது மட்டும் கட்டாயம், ஏனென்றால் பெரியவர்கள் இந்த வகை அவகாசத்தை ஒரு முறைதான் நம்புவார்கள்.

மேலதிகாரியிடம் கோபம், மனம் போன்ற சொற்களே வேண்டாம். "விவரங்களைச் சரிபார்த்துவிட்டு மாலை 4 மணிக்குள் பதில் அனுப்புகிறேன், சார்" என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும் இடைநிறுத்தம்.

சண்டை குடும்பக் குழுவில் நடக்கிறது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பார்வையாளர்கள் இருக்கும்போது யாராலும் இறங்கிவர முடியாது. குழுவில் "நானும் அண்ணியும் இதைத் தனியாப் பேசிக்கிறோம்" என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். நிறுத்தும் செய்தியை அவருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவை விட்டு வெளியேறாதீர்கள். யார் வெளியேறினார்கள் என்ற பட்டியல் 60 நாட்கள் வரை மற்றவர்களுக்குத் தெரியும். அந்த இருபது பேருக்கும் பேச அது ஒரு புது விஷயமாகிவிடும்.

சொன்ன நேரம் வந்துவிட்டது. எப்படித் தொடங்குவது?

அவர் சொன்னதிலிருந்து தொடங்குங்கள். மேற்சொன்ன தம்பி மறுநாள் 8:28-க்கு எழுதினார்: "அக்கா, ஃப்ரீயா? ஆபரேசனுக்கு அப்புறம் அம்மாவுக்குச் சொட்டு மருந்து ஒருநாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வாரம் போடணும்னு டாக்டர் சொன்னாரா? நீ வேலைக்குப் போயிட்டா பகல்ல யாரு போடுறதுங்கிறதுதானே உன் கவலை?" கண்புரை சிகிச்சைக்குப் பின் பல வாரங்களுக்கு நாள்தோறும் பலமுறை சொட்டு மருந்து போட வேண்டும், வேலைக்குப் போகும் ஒருவர் அதைத் தனியாகச் செய்வது கடினம். முந்தைய இரவு "பணம் அனுப்பிட்டா முடிஞ்சுதா?" என்று வந்த கேள்விக்குள் இருந்தது இந்தப் பகல் நேரக் கவலைதான். அது கோபத்தில் தம்பியின் கண்ணில் படவில்லை, கோபத்தில் அக்காவுக்கும் சொல்ல வரவில்லை.

அதன் பிறகு அவர்கள் சாதாரண அழைப்பில் பேசினார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குப் பகலில் ஓர் ஆளை வைத்துக்கொள்வது, அதற்கான சம்பளம் தம்பியுடையது, மூன்றாவது வாரம் அவர் விடுப்பில் வருவது என்று முடிவானது. அப்பாவின் ஆஸ்பத்திரி விஷயம் அன்று தீரவில்லை. அதை நேரில் வரும்போது பேசுவதாகத் தம்பியே சொன்னார். ஒரே நாளில் இரண்டையும் தீர்க்க முயன்றிருந்தால் முதலாவதும் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றை எழுத்தில் நடத்தாமல் குரலுக்கு மாற்றுவது பெரும்பாலும் நல்லது. வாய்ஸ் நோட் அதற்கு ஈடாகாது; அது குறுக்கே பேச முடியாத ஐந்து நிமிடச் சொற்பொழிவாகிவிடுகிறது. பேசத் தொடங்கிய ஐந்தே நிமிடத்தில் மறுபடியும் நாடி எகிறினால் வெட்கப்படாமல் இன்னொரு முறை நேரம் குறித்து நிறுத்துங்கள்.

நிறுத்தவே கூடாத சூழ்நிலை இருக்கிறதா?

இருக்கிறது. "நான் இருந்து என்ன பயன்", "நாளைக்கு நான் இருக்க மாட்டேன்" என்ற வகையில் ஒரு வரி வந்தால், அது மிரட்டலா உண்மையா என்று எடைபோட்டுக்கொண்டிருக்காமல் உடனே கூப்பிடுங்கள். அவர் அருகில் இருப்பவருக்கும் சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் இரவும் பகலும் தமிழில் பேசலாம். எதிரில் இருப்பவர் உங்களை மிரட்டுபவராகவோ அடிப்பவராகவோ இருந்தால், மேலே சொன்ன நயமான இடைநிறுத்தங்கள் எதுவும் உங்களுக்குக் கடமையில்லை. திரும்ப வரும் நேரத்தையும் சொல்ல வேண்டாம். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பெண்களுக்கான 181 எண்ணையோ நம்பிக்கையான ஒருவரையோ நாடுங்கள்.

என் கணவர் ஒவ்வொரு முறையும் "அப்புறம் பேசலாம்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். அந்த "அப்புறம்" வருவதே இல்லை. நான் என்ன செய்வது?

ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் விலகுவதும், விலக விலக இவர் துரத்துவதும் தம்பதியர் ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்படும் ஒரு சுழல். இதில் விலகுபவருக்கு இடைவெளி கிடைத்துவிடுகிறது, காத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஆகவே நிறுத்துவதை எதிர்க்காதீர்கள், நேரம் குறிக்காமல் நிறுத்துவதை எதிர்த்துக் கேளுங்கள். "சரிங்க, நிறுத்திக்கலாம். எத்தனை மணிக்குப் பேசலாம்னு மட்டும் சொல்லிடுங்க" என்று ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். அவர் நேரம் சொல்லாவிட்டால் நீங்களே ஒன்றைக் குறித்து அனுப்புங்கள். அந்த நேரம் கடந்தும் அவர் வராவிட்டால், அரை மணி நேரம் கழித்து "ஒன்பதுக்குப் பேசலாம்னு இருந்தோம், நாளைக்குச் சாயங்காலம் காபி குடிக்கும்போது பேசலாமா?" என்று விஷயத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் கேளுங்கள்.

இப்படி மூன்று, நான்கு முறை நடந்தும் அந்த நேரம் வரவே இல்லையென்றால், அடுத்ததாக நீங்கள் இருவரும் பேச வேண்டியது பாதியில் நின்ற அந்தச் சண்டையைப் பற்றி அன்று. பேச்சு ஏன் ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கிறது என்பதைப் பற்றி. அதை வாட்ஸ்அப்பில் தொடங்காமல் சண்டை இல்லாத ஒரு நாளில் நேரில் தொடங்குங்கள். அங்கும் நகரவில்லையென்றால் குடும்ப நல ஆலோசகர் ஒருவரிடம் இருவருமாகப் போவதே அடுத்த வழி.